சார்ஜ் எடுத்த மறுநாள் காலை

அரசு வங்கிக் கிளை ஒன்றுக்குப் புது மேலாளர் வருகிறார் என்றால், அவருக்கு முன்னால் அவருடைய ஜாதகம் வந்து சேர்ந்துவிடும். மாற்றல் ஆணை வெளியான அன்று மாலையே, அவர் இப்போது இருக்கும் கிளையில் யாருக்கு யார் பழக்கம் என்று பிடித்து ஒரு போன் போயிருக்கும். ஆள் எப்படி? லீவு கேட்டால் கொடுப்பாரா? ஏழு மணிக்கு மேலும் உட்கார வைப்பாரா? கஸ்டமர் முன்னால் வைத்துத் திட்டுவாரா? கிடைத்த பதில் மறுநாள் காலை டீ வருவதற்குள் பத்துப் பேருக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே புது மேலாளர் தன் முதல் பேச்சைப் பேசும்போது, எதிரே இருப்பவர்கள் அவரை முதல்முறையாகத் தெரிந்துகொள்ளவில்லை. கேள்விப்பட்டதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, இதுபோன்ற பேச்சை அவர்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். மேலாளர்கள் மூன்று ஆண்டுக்கொரு முறை மாறிப்போவது வங்கிகளில் வழக்கம். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுத்தராகவே இருப்பவர்கள் அதே வட்டாரத்தில் பல ஆண்டுகள் வேலை பார்ப்பார்கள். ஐந்தாறு மேலாளர்களைப் பார்த்த ஒருவராவது ஒவ்வொரு கிளையிலும் இருப்பார். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பதையும், 'என் கேபின் கதவு எப்போதும் திறந்திருக்கும்' என்பதையும் அவர் ஐந்தாறு முறை கேட்டாயிற்று. ஒவ்வொருவரும் எதைச் சொன்னார், எதைச் செய்தார் என்ற கணக்கும் அவரிடம் இருக்கும்.

முதல் பேச்சில் புதியவர் பெரும்பாலும் சறுக்குவது, நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில்தான். யாரோ உருவாக்கிய குழு, யாரோ போட்ட பணிப் பங்கீடு, யாரோ பாக்கி வைத்துவிட்டுப் போன மனக்குறைகள் எல்லாம் சேர்ந்து கையில் வந்திருக்கின்றன. அதில் எது நியாயம், எது பழைய பகை என்று தெரியாது. தெரியாத நிலையிலேயே ஏதாவது கொடுத்து உறவைத் தொடங்கப் பார்க்கிறார். அவரிடம் அன்றைக்குக் கொடுப்பதற்கு இருப்பது வாக்குறுதி மட்டும்தான்.

இதை ஒரு கிளையை வைத்தே பார்க்கலாம். டெல்டாப் பகுதியில் ஒரு சிற்றூர், அங்கே நகைக்கடனும் பயிர்க்கடனும் அதிகமாக ஓடும் ஒரு கிளை என்று வைத்துக்கொள்வோம். மேலாளரைத் தவிர மூன்று அதிகாரிகள், தலைமைக் காசாளரையும் சேர்த்து ஐந்து எழுத்தர்கள், ஒரு கடைநிலை ஊழியர், தினக்கூலிக்கு வரும் ஒரு பெருக்குபவர். நகை மதிப்பீட்டாளர் கமிஷனுக்கு வேலை செய்பவர், சம்பளப் பட்டியலில் இல்லாதவர். ஆனால் ஊரில் வங்கியின் முகம் அவர்தான். இந்தக் கிளையை நான் கற்பனை செய்திருக்கிறேன். ஆனாலும் இதில் உள்ள ஒவ்வொரு சங்கடமும் ஏதோ ஒரு கிளையில் இன்றைக்கும் இருப்பதுதான்.

சார்ஜ் எடுப்பது என்பது நாற்காலியில் உட்காருவது அல்ல. ரொக்கத்தை எண்ண வேண்டும். நகைப் பொட்டலங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். கடன் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். பெட்டகச் சாவியை வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு ஓரிரு நாள் ஆகும். அந்த நாட்களில் புதியவர் அதிகம் பேசுவதில்லை. கேட்கிறார், எண்ணுகிறார், குறித்துக்கொள்கிறார். பேச்சு தொடங்கும் முன்பே அவருடைய தொனி அங்கே பதிவாகிவிடுகிறது. ஒரு பொட்டலத்தின் எடை ஒத்துவராதபோது முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்பதைத் தலைமைக் காசாளர் மறக்க மாட்டார்.

சார்ஜ் எடுத்த மறுநாள், பத்து மணிக்குக் கதவு திறக்கும் முன், எல்லோரையும் கூப்பிட்டு அவர் பேசுகிறார். நல்ல பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"எல்லாருக்கும் வணக்கம். பத்து மணிக்கு கஸ்டமர் வந்துடுவாங்க, அதனால சுருக்கமா சொல்லிடறேன். ரெண்டு நாளா சார்ஜ் எடுத்ததுல ரொக்கம் பைசா பிசகாம இருந்துச்சு. நகைப் பொட்டலம் ஒண்ணுகூட வரிசை மாறல. அதைப் பார்த்துக்கிட்டவங்களுக்கு நன்றி.

இந்தக் கிளை உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எனக்குத் தெரியாது. அதனால அடுத்த மாசம் 8ம் தேதி வரைக்கும் சீட், கவுன்டர், லீவு பட்டியல் எதையும் நானா மாத்தப் போறதில்ல. ரீஜனல் ஆபீஸ்ல இருந்தோ ஆடிட்ல இருந்தோ ஏதாவது உத்தரவு வந்தா, வந்த அன்னைக்கே உங்ககிட்ட சொல்லிடுவேன். 8ம் தேதிக்கு அப்புறம் என்ன மாறும், என்ன மாறாதுன்னு கேட்டீங்கன்னா, எனக்கு இன்னும் தெரியாது.

அதுக்குள்ள ஒவ்வொருத்தரோடயும் அரை மணி நேரம் தனியா உட்காரணும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல, உங்களுக்கு வசதிப்பட்ட நாள்ல. மூணு கேள்விதான் கேப்பேன். இங்க எது நல்லா ஓடுது, அதுல நான் கை வைக்கக் கூடாது? எது தினமும் உங்க நேரத்தை வீணாக்குது? எது எனக்குத் தெரியாம இருந்தா நான் மாட்டிக்குவேன்?

ஒண்ணு மட்டும் 8ம் தேதி வரைக்கும் காத்திருக்காது. ஒருத்தர் பாஸ்வேர்டுல இன்னொருத்தர் வேலை பார்க்கறது இன்னையிலிருந்து வேணாம். அதனால கியூ நீண்டு கஸ்டமர் சத்தம் போட்டா, என்கிட்ட அனுப்புங்க. நான் பதில் சொல்லிக்கறேன்.

8ம் தேதி காலைல இதே மாதிரி உட்காருவோம். நீங்க சொன்னதுல எதைச் செய்யப் போறேன், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாதுன்னு அன்னைக்குச் சொல்றேன். இப்ப ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. எழுச்சியூட்டும் பேச்சும் அல்ல. ஆனால் இதில் வாக்குறுதியே இல்லை என்று நினைத்தால் தவறு. எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு இருக்கின்றன: தானாக எதையும் மாற்றமாட்டேன், உத்தரவு வந்தால் அன்றைக்கே சொல்வேன், தனியாகப் பேசுவேன், சத்தம் போடும் வாடிக்கையாளரை நான் பார்த்துக்கொள்வேன், 8ம் தேதி பதிலோடு வருவேன். இவை அத்தனையும் அவர் மட்டுமே காப்பாற்றக்கூடியவை. வட்டார அலுவலகம், தலைமை அலுவலகம், சங்கம், யாருடைய தயவும் தேவையில்லை. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் காப்பாற்றிக் காட்டவும் முடியும். வந்த புதிதில் ஒருவர் பாதுகாப்பாகத் தரக்கூடியது, தன்னுடைய நடத்தையைப் பற்றிய வாக்கு மட்டும்தான்.

எட்டாம் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. மாதக் கடைசியில் வங்கிக் கிளையில் யாருக்கும் நிமிர நேரம் இருக்காது. அந்தத் தேதியைச் சொன்னால் கூட்டம் தள்ளிப்போகும். தள்ளிப்போன முதல் கூட்டம் மீறப்பட்ட முதல் வாக்காகிவிடும். முதல் வாரத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் எடுக்க வருபவர்களின் கூட்டம். அது வடிந்த பிறகுதான் பேச முடியும்.

நன்றி சொன்ன விதத்தையும் கவனியுங்கள். 'நல்ல டீம்' என்று பொதுவாகப் புகழவில்லை. வந்து இரண்டு நாளில் அப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தான் கண்ணால் பார்த்த இரண்டு விஷயங்களைச் சொன்னார், அவ்வளவுதான். பழைய மேலாளரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குறை சொன்னால் அவரோடு மூன்று ஆண்டு வேலை பார்த்தவர்களையும் சேர்த்துக் குறை சொன்னதாகும். வானளாவப் புகழ்ந்தாலோ, அவரால் கசந்துபோன இரண்டு பேர் அந்த நிமிடமே காதை மூடிக்கொள்வார்கள். 'நான் இதுக்கு முன்னாடி இருந்த பிராஞ்ச்ல' என்று தொடங்கும் வாக்கியமும் இல்லை. புதியவர்கள் தங்களை அறியாமல் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வது இதைத்தான். கேட்பவர்களுக்கு அது மாமியார் வீட்டில் வந்து இறங்கியவுடன் பிறந்த வீட்டுச் சமையலைப் புகழ்வதுபோல இருக்கும்.

பாஸ்வேர்டு விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. எதையும் மாற்றமாட்டேன் என்று சொன்னவர் இதை மட்டும் ஏன் உடனே நிறுத்தச் சொல்கிறார்? இது அவருடைய யோசனை அல்ல, ஏற்கெனவே இருக்கும் விதி. ஆள் பற்றாக்குறை உள்ள கிளைகளில் ஒருவர் எழுந்துபோனால் பக்கத்துச் சீட்டுக்காரர் அவருடைய பெயரிலேயே பரிவர்த்தனையை முடித்துவிடுவது நடக்கிறது. நாளை ஒரு கணக்கில் பணம் போனால், பெயருக்கு உரியவர் வேலை இழப்பார். தெரிந்தும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் மேலாளரும் அதற்கு உடந்தை. காசு, சாவி, பாஸ்வேர்டு, பெண் ஊழியரின் புகார் ஆகிய எதற்கும் 'முதலில் கவனிக்கிறேன்' என்பது பதிலாகாது.

அதே சமயம், 'இதுவரைக்கும் நடந்ததைப் பத்திக் கேக்கமாட்டேன்' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறை முழுக்க நிம்மதி பரவியிருக்கும். ஆனால் பழைய தவறை மன்னிப்பது மேலாளரின் அதிகாரத்தில் இல்லை. அடுத்த மாதம் ஆய்வுக்கு வருபவர் பழைய பரிவர்த்தனை ஒன்றைத் தோண்டினால், அந்தப் பெருந்தன்மை பொய்யாகிவிடும்.

ஆறுதல் சொல்வதும் வாக்குக் கொடுப்பதுதான். இதைப் பலர் கவனிப்பதில்லை. மாற்றம் வரும் என்று சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எதிர்ப்பக்கம் சாய்ந்து, 'கவலைப்படாதீங்க, யாரோட சீட்டும் மாறாது' என்று சொல்லிவிடுகிறார்கள். வங்கியில் இதைச் சொல்லவே முடியாது. ஒரே இருக்கையில் ஒருவரை நெடுங்காலம் வைத்திருக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு உள்விதிகள் உண்டு. முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 10 வேலை நாட்கள் தொடர்ச்சியாக, முன்னறிவிப்பு இல்லாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. அந்த நாட்களில் அவர் மறைத்து வைத்தது ஏதாவது இருந்தால் வெளிவரட்டும் என்பதுதான் நோக்கம். முதல் நாள் ஆறுதல் சொன்ன மேலாளரே அந்த விடுப்பு ஆணையையும் கொடுக்க வேண்டியிருக்கும். 'நானா மாத்தப் போறதில்ல' என்ற சொற்களில் அந்த 'நானா' அதற்காகத்தான்.

இப்போது கேள்விகள். என்னைக் கேட்டால், ஆபத்து முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பேச்சை எழுதிவைத்துத் திருத்தலாம், கேள்விக்குப் பதில் அந்த நிமிடத்தில் வர வேண்டும்.

ஐந்து மேலாளர்களைப் பார்த்த அந்த மூத்த எழுத்தர்தான் முதலில் கேட்பார்: "சார், ரெண்டு வருஷமா ஒரு கிளார்க் போஸ்ட் காலியா இருக்கு. போன மேனேஜர் வாங்கித் தர்றேன்னார். ஒண்ணும் நடக்கல."

இது கேள்வி அல்ல, பரீட்சை. 'நான் ஆர்.எம்.கிட்டப் பேசறேன், கண்டிப்பா ஆள் போட வெச்சிடலாம்' என்றால், பழையவரின் வாக்கைப் புதியவர் தன் பெயரில் புதுப்பித்துக்கொண்டார் என்று பொருள், வட்டிக்கடைச் சீட்டைப் புதுப்பிப்பதுபோல் அசலும் வட்டியும் சேர்ந்து இவர் தலையில். வாயால் சொல்லாமல் அனுதாபத்தோடு தலையாட்டினாலும் அதேதான். கேட்டவர் தலையாட்டலைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

பதில் இப்படி இருக்கலாம்: "ஆள் போடறது என் கையில இல்ல மேடம். அதனால வருவாங்கன்னு சொல்ல மாட்டேன். கடைசியா ஆர்.ஓ.வுக்கு எழுதின லெட்டர் எங்க இருக்குன்னு காட்டுங்க. ஒரு கவுன்டர்ல ஒரு நாளைக்கு எத்தனை வவுச்சர் போடறோம்னு கணக்கு எடுத்து, 8ம் தேதிக்குள்ள நான் எழுதறேன். எழுதினதோட காப்பி உங்களுக்கும் கொடுக்கறேன்." ஆள் வருவதற்கு அவர் பொறுப்பு ஏற்கவில்லை, கடிதம் எழுதுவதற்கு ஏற்றார். கடிதத்துக்குத் தேதியும் சாட்சியும் இருக்கின்றன.

பெருக்குபவர் பத்து ஆண்டாகத் தினக்கூலி, நிரந்தரம் ஆக்குவீர்களா என்று சங்கக்காரர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்கலாம். அந்தப் பெண்ணும் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். நெஞ்சைத் தொடும் கேள்வி. இதில் கிளை மேலாளரால் முடிவெடுக்கவே முடியாது. நீதிமன்றம் வரை போகும் விவகாரம். "அந்த முடிவு எடுக்கற இடத்துல நான் இல்ல. அவங்க கூலி தாமதமில்லாம போகுதான்னு நான் பார்க்க முடியும், அதை இந்த வாரமே பார்க்கறேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னாலும் அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம்.

பெரிய இடங்களிலும் இதே கணக்குதான். 1993 ஏப்ரல் 1ம் தேதி ஐபிஎம் நிறுவனத்தின் பொறுப்பை லூ கெர்ஸ்ட்னர் ஏற்றபோது, அந்த நிறுவனம் முந்தைய ஆண்டில் கிட்டத்தட்ட 500 கோடி டாலர் நஷ்டப்பட்டிருந்தது. அவரோ கம்ப்யூட்டர் துறைக்காரர் அல்ல. பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற ஆர்ஜேஆர் நபிஸ்கோவிலிருந்து வந்தவர். நிறுவனத்தைத் துண்டுதுண்டாகப் பிரிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பிரிப்பேன் என்றோ பிரிக்கமாட்டேன் என்றோ முதல் நாளே முழங்கியிருந்தால் பாதிப் பேராவது கைதட்டியிருப்பார்கள். அவர் மூத்த நிர்வாகிகளிடம் தான் எப்படி வேலை செய்பவர், எதைப் பொறுத்துக்கொள்ளமாட்டார் என்று சொன்னார். ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தங்கள் நிலைமையைப் பத்துப் பக்கத்தில் 30 நாளுக்குள் எழுதித்தர வேண்டும் என்றார். பிறகு மூத்த மேலாளர்கள் ஐம்பது பேரை, ஆளுக்குக் குறைந்தது ஐந்து பெரிய வாடிக்கையாளர்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதித்தரச் சொன்னார். ஆட்குறைப்பு இருக்காது என்று ஆறுதல் சொல்லவில்லை. ஜூலையில் மேலும் 35,000 பேர் குறைக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு வந்தது. முதல் நாள் ஆறுதல் சொல்லியிருந்தால் அந்த அறிவிப்பு அவரையும் சேர்த்துச் சாய்த்திருக்கும். அதே ஜூலை செய்தியாளர் கூட்டத்தில்தான், ஐபிஎம்முக்கு இப்போதைக்குத் தேவையே இல்லாதது ஒரு தொலைநோக்குத் திட்டம் என்றார். பத்திரிகைகள் கேலி செய்தன. நிறுவனத்தைப் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்திருப்பது என்ற பெரிய முடிவு, கேட்டு முடித்த பிறகுதான் வந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு முதல் பேச்சும் சரித்திரத்தில் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. 1942 ஆகஸ்ட் 13 அன்று எகிப்துப் பாலைவனத்தில் பிரிட்டனின் எட்டாவது படையை மான்ட்கோமரி ஏற்றார். அந்தப் பதவிக்கு முதலில் தேர்வான காட் விமானத்தில் வரும்போது சுட்டு வீழ்த்தப்பட்டதால் இவருக்குக் கிடைத்த இடம் அது. ரோமலிடம் தோற்றுப் பின்வாங்கி அலமைன் வரை வந்திருந்த படை. அன்று மாலையே தலைமையக அதிகாரிகளிடம், இனிப் பின்வாங்குவது கிடையாது, அதற்கான உத்தரவுகளையெல்லாம் எரித்துவிடுங்கள் என்றார். வந்த அன்றே பெரிய மாற்றம், பகிரங்க அறிவிப்பு.

இவர் மட்டும் எப்படித் தப்பித்தார்? பின்வாங்கும் உத்தரவை ரத்து செய்வது அவருடைய அதிகாரத்துக்குள் இருந்தது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. புதுப் படைப்பிரிவுகள் எகிப்தில் வந்து இறங்கியிருந்தன, அவர் பேசியது கையில் இருந்த சரக்கை வைத்து. எப்போது தாக்கப் போகிறோம் என்ற தேதியை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. செப்டம்பரிலேயே தாக்க வேண்டும் என்று சர்ச்சில் நெருக்கியும், தயாராகாமல் முடியாது என்று நின்று, அக்டோபர் 23 அன்றுதான் தாக்கினார். அதற்கிடையே ஆகஸ்ட் 30 இரவு ரோமல் தாக்கினான். படை இருந்த இடத்திலேயே நின்றது. முதல் நாள் வாக்கு மூன்று வாரத்துக்குள் சோதிக்கப்பட்டுத் தேறியது. எதிரி வாசலில் நிற்கும்போது பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பது சரியாகாது. ஆனால் நம் அலுவலகங்களில் புதிதாக வருபவர்கள் நிலைமை அவ்வளவு மோசம் என்று தங்களைத் தாங்களே நம்பவைத்துக்கொள்கிறார்கள். அதிகாரம் மான்ட்கோமரியுடையது அல்ல, பேச்சு மட்டும் அவருடையதாக இருக்கிறது.

கிளைக்குத் திரும்புவோம். பேச்சு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அன்றைக்குத் தெரியாது. கைதட்டலும் சிரிப்பும் அளவுகோல் அல்ல. இரண்டாவது வாரத்தில் பார்க்க வேண்டும். கெட்ட செய்தி தானாக நடந்து வருகிறதா? 'சார், தவணை தாண்டியும் புதுப்பிக்காத நகைக்கடன் கொஞ்சம் இருக்கு, ஆடிட்ல வரும்' என்று ஓர் அதிகாரி தனியாக வந்து சொன்னால், மூன்றாவது கேள்வி வேலை செய்திருக்கிறது. மாறாக, தனிப் பேச்சுக்கு வந்த பத்துப் பேரும் 'எல்லாம் நல்லாத்தான் சார் போகுது' என்றே சொன்னால் யாரும் இன்னும் நம்பவில்லை. தான் சொல்லாத ஒன்று 'சார் அன்னைக்குச் சொன்னாரே' என்று மூன்றாம் ஆள் வழியாக வந்தால், கேள்வி நேரத்தில் எங்கோ தலையாட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அதை வளரவிடாமல், மறுநாளே எல்லோர் முன்னிலையிலும், அப்படி ஒரு வாக்கு தான் தரவில்லை என்று சொல்லிவிடுவதுதான் வழி. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் பேச்சு மாறினார் என்றாகிவிடும்.

8ம் தேதி கூட்டத்துக்கு அவர் ஒரு தாளோடு வர வேண்டும். மாற்றப்போவது அதில் ஒன்றே ஒன்று இருந்தால் போதும். எல்லோரும் சொன்னதாகவும் தன் அதிகாரத்துக்குள் இருப்பதாகவும் அது இருக்க வேண்டும். இந்தக் கிளையில் அது பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் நகைக்கடனுக்கு வருபவர்களும் பணம் கட்ட வருபவர்களும் ஒரே வரிசையில் நிற்பதாக இருக்கும். நகைக்கடனுக்குக் காலையிலேயே டோக்கன் கொடுத்து, மதிப்பீட்டாளர் உட்காரும் நேரத்தை மாற்றினால் தீர்ந்துவிடும். செய்ய முடியாதவை நான்கைந்து இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம். ஆள் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் மூத்த எழுத்தருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வட்டார அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை என்றால், வரவில்லை என்றே சொல்லிவிட்டு, அடுத்த நினைவூட்டல் எந்தத் தேதியில் போகும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.